பில்லின் கடைசி வரியில் மூணு வட்டி

“வெளிவட்டிக்குப் பணம் வாங்கவே மாட்டேனுங்க. எங்கப்பா அதுலதான் ரெண்டு ஏக்கராவை விட்டாரு” என்பார் திருப்பூரில் நான் கணக்கு பார்க்கும் ஒரு பனியன் கம்பெனி முதலாளி. சொன்னபடியே நடப்பவர். நூற்றுக்கு மூணு ரூபாய் மாத வட்டி என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவார். ஆனால் அவர் மேஜையில் கிடந்த நூல் பில்களைப் புரட்டியபோது, மாதத்துக்கு இரண்டு தடவை அவர் மூணு வட்டிக்கும் சற்று மேலாகவே கடன் வாங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. கடன் கொடுத்தது நூல் மில். பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. பில்லின் அடியில் சின்ன எழுத்தில் ஒரே ஒரு வரி: 10 நாளில் பணம் தந்தால் 2% சி.டி., இல்லாவிட்டால் 30 நாள் கெடு.

சி.டி. என்றால் கேஷ் டிஸ்கவுன்ட். நூல், சாயம், பெயின்ட், இரும்பு, மருந்து என்று மொத்த வியாபாரம் நடக்கும் இடமெல்லாம் புழங்குகிற சொல். சரக்கு இன்று வந்துவிடுகிறது, பணத்தை ஒரு மாதம் கழித்துக் கொடுக்கலாம், சீக்கிரம் கொடுப்பவருக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். அமெரிக்க வணிகப் பாடநூல்களில் இதையே 2/10, net 30 என்று எழுதுவார்கள். எழுதுகிற விதம் வேறு, விஷயம் ஒன்றுதான்.

“ரெண்டு பர்சன்ட்தானுங்களே, போனாப் போகுது. 30 நாள் பணம் நம்ம கையில இருக்கே” என்றார் முதலாளி. அவர் மனதில் ஓடிய கணக்கு எனக்குப் புரிந்தது. ஒரு மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய், அதாவது ரெண்டு வட்டி, வருடத்துக்கு 24. அதுவே அதிகம்தான் என்றாலும், திருப்பூரில் ரெண்டு வட்டி என்பது யாரையும் தூக்கிவாரிப் போடுகிற வட்டி இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது.

முதல் 10 நாளை எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி எடுப்பவரும் அந்த 10 நாள் பணம் தராமல் இருக்கலாம், எடுக்காதவரும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் அது இலவசம். தள்ளுபடியை விட்டவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 11-ஆம் நாளிலிருந்து 30-ஆம் நாள் வரைக்கும் உள்ள 20 நாள் மட்டும்தான். அப்படியென்றால் அந்த 2 ரூபாய், 20 நாளுக்கான வாடகை. 20 நாளுக்கு 2 ரூபாய் என்றால் 30 நாளுக்கு 3 ரூபாய். மூணு வட்டி!

இதில் இன்னொரு சின்ன நுணுக்கமும் உண்டு. 20 நாளுக்குக் கடனாகக் கையில் நிற்பது 100 ரூபாய் இல்லை, 98 ரூபாய். ஏனென்றால் 10-ஆம் நாளில் 98 கொடுத்தாலே பில் தீர்ந்துவிடும். அதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு 20 நாள் கழித்து 100 கொடுக்கிறோம். 98 ரூபாய்க்கு 2 ரூபாய் வட்டி என்றால் 2.04 சதவீதம். வருடத்தில் இப்படிப்பட்ட 20 நாள்கள் எத்தனை? 365-ஐ 20-ஆல் வகுத்தால் 18.25. இரண்டையும் பெருக்கினால் வருகிற வருட வட்டி 37.2 சதவீதம். மாதத்துக்குப் பார்த்தால் மூணு வட்டியும் பத்துப் பைசாவும்.

கம்ப்யூட்டரில் பார்ப்பவர்கள் எக்செல்லில் மூன்று கட்டங்களை வைத்துக்கொண்டால் போதும். A2-வில் தள்ளுபடி சதவீதம், B2-வில் தள்ளுபடிக்கான நாள், C2-வில் முழுத்தொகையையும் தரப்போகிற நாள். நான்காவது கட்டத்தில் இதை அடித்துவிட்டு, அந்தக் கட்டத்தைச் சதவீதமாகக் காட்டச் சொல்லுங்கள்:

```
=A2/(100-A2)*365/(C2-B2)
```

2, 10, 30 என்று போட்டால் 37.24% என்று வரும்.

புத்தகங்களில் இதற்கு 44.6 சதவீதம் என்றும் ஒரு விடை இருக்கும். அதுவும் தப்பில்லை. அந்த 2.04 சதவீதத்தை வட்டிக்கு வட்டியாக வருடத்துக்கு 18.25 தடவை ஏற்றினால் வருவது அது. எதை எடுப்பது என்பது எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. வங்கி 11 சதவீதம் என்று சொல்லும்போது சொல்வது வட்டிக்கு வட்டி சேர்க்காத கணக்கு. மாதாமாதம் வட்டி ஏறுவதைச் சேர்த்துப் பார்த்தால் அதுவும் 11.6 ஆகிவிடும். ஆக, 37-ஐ 11-உடன் வைத்துப் பாருங்கள், அல்லது 44.6-ஐ 11.6-உடன் வைத்துப் பாருங்கள். குறுக்கே மாற்றி வைக்க வேண்டாம், அவ்வளவுதான். கடை நடத்துகிறவருக்கு முதல் ஜோடியே போதும்.

முதலாளிக்கு எக்செல் ஒத்துவராது. அவருக்கு நான் சொன்னது வாய்க்கணக்கு: தள்ளுபடி சதவீதத்தை 30-ஆல் பெருக்கி, கூடுதலாகக் கிடைக்கும் நாள்களால் வகுத்தால் எத்தனை வட்டி என்று வந்துவிடும். 2-ஐ 30-ஆல் பெருக்கினால் 60. அதை 20-ஆல் வகுத்தால் 3. நூறுக்கும் தொண்ணூற்றெட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதில் வராது. ஆனால் முடிவெடுக்க இது தாராளம். நம் ஊரில் வட்டியை வருடச் சதவீதமாக யாரும் உணர்வதில்லை. “எத்தன வட்டி?” என்ற கேள்விக்குத்தான் மனம் பதில் சொல்கிறது. 37 சதவீதம் என்று சொன்னபோது தலையாட்டிய அதே மனிதர், “மூணு வட்டிங்க” என்றதும் பில்லை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

நிஜ பில்லுக்கு வருவோம். கணக்கு எளிதாக வர எண்களைக் கொஞ்சம் உருட்டிக்கொள்கிறேன். பனியன் துணிக்கான பருத்தி நூல் 1,000 கிலோ, கிலோ 250 ரூபாய். நூல் மதிப்பு 2,50,000. அதன்மேல் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. 12,500. பில் தொகை 2,62,500. நான் பார்த்த நூல் பில்களில் சி.டி.யை நூல் மதிப்பின் மேல்தான் கழிக்கிறார்கள், வரியின் மேல் இல்லை. ஆகவே 2 சதவீதம் என்பது 5,000 ரூபாய். 10 நாளுக்குள் கொடுத்தால் 2,57,500, 30-ஆம் நாள் கொடுத்தால் 2,62,500. இப்போது 2,57,500-க்கு 20 நாள் வட்டி 5,000. இதை வருடத்துக்கு ஏற்றினால் 35.4 சதவீதம். வரி உள்ளே வந்ததால் 37 கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இந்த மாதிரிச் சில்லறை வித்தியாசங்கள் எப்போதும் இருக்கும். தள்ளுபடி எதன் மேல் என்பதை ஒரு தடவை ஏஜென்ட்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இவருக்கு வங்கியில் ஓ.டி. உண்டு, வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 10-ஆம் நாள் ஓ.டி.யிலிருந்து 2,57,500 எடுத்து மில்லுக்குப் போட்டுவிட்டு, 30-ஆம் நாள் தன் கைக்கு வரும் பணத்தைக் கொண்டு ஓ.டி.யை அடைத்தால் வங்கிக்குத் தர வேண்டியது 1,552 ரூபாய். மில்லில் மிச்சமாவது 5,000. ஒரு பில்லில் 3,448 ரூபாய் கையில் நிற்கிறது. மாதம் இரண்டு பில் வீதம் வருடத்துக்கு 82,000-க்கு மேல். இத்தனைக்கும் அவருடைய ஓ.டி. லிமிட்டில் பாதிக்குமேல் அந்த வருடம் முழுக்கத் தொடப்படாமலே கிடந்தது. “பேங்க் வட்டி கட்டறதுன்னா மனசு வர்றதில்லீங்க” என்பதுதான் அவர் சொன்ன காரணம். வங்கி வட்டி மாதக் கடைசியில் பாஸ்புக்கில் ஏறி உறுத்துகிறது. மில்லுக்குக் கட்டிய வட்டி நூல் விலைக்குள் ஒளிந்துகொண்டு உறுத்தவே இல்லை.

ஒளிந்துகொள்வது என்று சும்மா சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தில் இதைப் பதிகிற விதமே அப்படித்தான். வழக்கமாக நூல் கொள்முதலை 2,50,000 என்று முழுசாகப் பதிவோம். சி.டி. எடுத்தால் 5,000 ரூபாய் “தள்ளுபடி வரவு” என்று வருமானப் பக்கம் வரும். எடுக்காவிட்டால்? ஒன்றும் வராது. வராத வருமானத்துக்குப் பதிவு கிடையாது. வருடக் கடைசியில் லாப நட்டக் கணக்கைப் பார்க்கிற முதலாளிக்கு வங்கி வட்டி ஒரு வரியாகக் கண்ணில் படும், கைவிட்ட சி.டி. எங்கும் படாது. இதற்கு இன்னொரு முறை இருக்கிறது. நூலை 2,45,000 என்றே பதிந்துவிட்டு, 10 நாள் தாண்டிக் கொடுத்தால் அந்த 5,000 ரூபாயைத் “தவறவிட்ட தள்ளுபடி” என்று செலவாக எழுதுவது. நம்மூர்க் கணக்கில் யாரும் இப்படி எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் மனக்கணக்கில் இதுவே சரியான கணக்கு என்பது என் கட்சி. அந்த நூலின் விலை 245. 250 என்பது கடன் விலை. மில்காரர் ரேட் போடும்போதே இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் போடுகிறார்.

“அப்ப மில்லுக்காரன் மட்டும் 37 பர்சன்ட்டுக்குப் பணம் வாங்குவானாக்கும்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. 98 ரூபாய் 20 நாள் முன்கூட்டி வருவதற்காக 2 ரூபாயை விடும் மில்காரரும் அதே வட்டியைத்தான் தருகிறார். அவருக்கு வங்கியில் மலிவாகப் பணம் கிடைக்கும்போது ஏன் தர வேண்டும்? ஒரு காரணம், மேலே சொன்னதுபோல அவர் இழப்பது ஒன்றும் இல்லை, ஏற்றி வைத்ததை இறக்குகிறார். இன்னொன்று, பயம். 10-ஆம் நாள் வந்த பணம் திரும்பிப் போகாது. 30 நாள் என்று சொன்ன பணம் 70 நாளாகலாம், ஒரேயடியாக மூழ்கியும் போகலாம். வசூலுக்கு ஆள் அனுப்புவது, போன் போடுவது, புரோக்கரை நச்சரிப்பது எல்லாமே செலவு. மூன்றாவதாக, இது ஒரு சல்லடை. 37 சதவீத லாபத்தைக்கூட எடுக்க முடியாத பார்ட்டி யார் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. வருடக்கணக்காக சி.டி. எடுத்துக்கொண்டிருந்த கம்பெனி திடீரென்று இரண்டு பில்லுக்கு எடுக்காமல் விட்டால், அடுத்த லோடு அனுப்புவதற்கு முன் மில்லின் வசூல் பிரிவு ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்கும்.

இதுவரை படித்தவர், எல்லா சி.டி.யையும் எடுத்துவிட வேண்டியதுதான் என்ற முடிவுக்கு வந்திருந்தால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதே முதலாளிக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்யும் இன்னொரு பார்ட்டியின் பில்லில் இருந்தது 7 நாளில் 1%, இல்லாவிட்டால் 45 நாள். வாய்க்கணக்குப்படி 1-ஐ 30-ஆல் பெருக்கி 38-ஆல் வகுத்தால் 0.79, ஏறக்குறைய முக்கால் வட்டி. வருடத்துக்கு 9.7 சதவீதம். ஓ.டி. 11 சதவீதம். இந்தத் தள்ளுபடியை எடுக்க ஓ.டி.யில் கை வைத்தால் நட்டம். கையில் சும்மா கிடக்கும் சொந்தப் பணம் இருந்தால் எடுக்கலாம், கடன் வாங்கி எடுக்கக்கூடாது. வேடிக்கை என்னவென்றால், இவர் இந்த 1 சதவீதத்தைத் தவறாமல் எடுத்துக்கொண்டிருந்தார்! பெட்டிக்காரர் பக்கத்துத் தெரு, தினமும் முகம் பார்க்கிற மனிதர், பில்லும் சின்னது. பெரிய தொகையைக் கொடுக்கக் கை நடுங்குகிறது, சின்னத் தொகை சுலபமாகப் போய்விடுகிறது. மேஜையில் இருக்கும் பில்களைத் தொகை வாரியாக அடுக்காமல் வட்டி வாரியாக அடுக்கினால், இருக்கிற பணம் எந்த பில்லுக்கு முதலில் போக வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

சி.டி. போய்விட்டது என்று தெரிந்த பிறகு செய்கிற ஒரு தவறும் உண்டு. 10-ஆம் நாள் பணம் புரளவில்லை, 12-ஆம் நாள் புரண்டது, உடனே மில்லுக்குப் போட்டுவிடுகிறார்கள், “கடன் தீர்ந்தது” என்ற நிம்மதிக்காக. 2 சதவீதத்தையும் விட்டு, அதற்குக் கிடைத்த 20 நாளில் 18 நாளையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. 11-ஆம் நாள் கொடுத்தால் ஒரே ஒரு நாள் கடனுக்கு 2.04 சதவீதம், வருடத்துக்கு ஏற்றினால் 745 சதவீதம். தள்ளுபடி தவறிவிட்டால் 30-ஆம் நாள் வரைக்கும் பணத்தை வைத்துக்கொண்டு வேறு பில்லுக்குப் பயன்படுத்துவதே முறை. அதே மாதிரி 3-ஆம் நாளே கொடுப்பதாலும் கூடுதல் லாபம் கிடையாது, 10-ஆம் நாள் கொடுத்தால் போதும்.

ஆனால் அந்த 10-ஆம் நாள் எது என்பதில்தான் சண்டை வரும். பில் தேதியிலிருந்தா, லாரி ரசீது தேதியிலிருந்தா, சரக்கு குடோனுக்கு வந்த நாளிலிருந்தா? வடக்கே உள்ள மில்லிலிருந்து நூல் வர ஐந்தாறு நாள் ஆகும். பில் தேதியிலிருந்து எண்ணினால், நூலைக் கண்ணால் பார்த்த பிறகு மிச்சம் இருப்பது நான்கைந்து நாள்தான். இன்னொரு பக்கம், பணம் எப்போது “வந்ததாக” அர்த்தம்? செக்கில் எழுதிய தேதியா, மில்லின் கணக்கில் ஏறிய தேதியா? நடுவில் ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகையும் வந்தால்? ஒரு மில்லுடன் இவருக்கு நடந்த தகராறு இதுதான். 10-ஆம் நாள் ஞாயிறு. திங்கட்கிழமை காலை ஆர்.டி.ஜி.எஸ். போட்டார், 5,000 கழித்துக்கொண்டு. இரண்டு மாதம் கழித்து மில்லின் ஸ்டேட்மென்ட்டில் 5,000 பாக்கி என்று வந்து நின்றது. ஏஜென்ட் நடுவில் புகுந்து பாதிப் பாதி என்று முடித்து வைத்தார். டேலியில் அந்தப் பார்ட்டிக்குக் கெடு 30 நாள் என்று மட்டும் போட்டு வைத்திருந்தார்கள். 10 என்ற எண் கம்பெனியில் யாருக்கும் எங்கும் தெரியும்படி இல்லை. கணக்கு எழுதும் பெண்ணைக் கேட்டால், “அண்ணா சொன்னாத்தான் சார் போடுவேன்” என்றார். அண்ணா அன்றைக்கு டையிங்கில் இருந்தார்.

சீக்கிரம் கொடுப்பதில் வட்டிக் கணக்கில் வராத ஒரு செலவும் இருக்கிறது. நூலில் உள்ள கோளாறு பெட்டியைப் பிரிக்கும்போது தெரியாது. நிட்டிங் போட்டு, துணியாகி, சாயத்தில் நனைந்து வெளியே வந்த பிறகு குறுக்கே பட்டை பட்டையாகத் தெரியும், அல்லது வெள்ளைத் துணியில் சாக்குப்பை இழை கலந்தது புள்ளி புள்ளியாக நிற்கும். அதற்குள் 20 நாள் ஓடியிருக்கும். பணம் கொடுக்காமல் இருந்தால், “துணியைப் பாருங்க, பில்லில் கழிச்சுக்கறேன்” என்று பேசலாம். கொடுத்துவிட்டால் மில்லின் ஆள் வந்து பார்த்து, சாம்பிள் எடுத்துப் போய், கடிதம் வந்து, கிரெடிட் நோட் வருவதற்குள் சட்டை சீமைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். வருடக்கணக்காக வாங்கும், பேச்சுக்கு மரியாதை உள்ள மில் என்றால் இந்தக் கவலை இல்லை. புது மில் என்றால், முதல் இரண்டு லோடுக்குச் சி.டி.யை விட்டுவிடுவதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். 5,000 ரூபாய் இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஊரறிந்த ரகசியத்துக்கு வருகிறேன். 30 நாள் கெடு என்று பில்லில் இருந்தாலும் 30-ஆம் நாள் பணம் தருகிறவர்கள் எத்தனை பேர்? 60, 75 என்று இழுப்பதுதான் பல இடங்களில் வழக்கம். அப்போது இந்தக் கணக்கும் மாறிவிடும். சூத்திரத்தில் C2-வில் போட வேண்டியது பில்லில் அச்சடித்த 30 இல்லை, நீங்கள் நிஜமாகப் பணம் தரும் நாள். 60-ஆம் நாள் தருபவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 50 நாள், வருட வட்டி 14.9 சதவீதம். 75-ஆம் நாள் என்றால் 11.5 சதவீதம், கிட்டத்தட்ட ஓ.டி. வட்டியே. “சி.டி. எல்லாம் வேஸ்ட்டுங்க, இழுத்துக் குடுத்தாப் போச்சு” என்று சொல்கிறவர் கணக்குத் தெரியாதவர் இல்லை. அவருடைய 30, வேறு 30.

அவர் கணக்கில் விடுபட்டது வேறு இடத்தில் இருக்கிறது. இழுக்கிற பார்ட்டிக்கு அடுத்த ஆர்டரில் ஏஜென்ட் கிலோவுக்கு 2 ரூபாய் சேர்த்தே ரேட் சொல்வார். 250 ரூபாய் நூலில் 2 ரூபாய் என்றால் 0.8 சதவீதம். இதை யாரும் வட்டி என்று சொல்லமாட்டார்கள். நூல் ஏறும் காலத்தில் சரக்கு முதலில் போவது யாருக்கு, “லோடு இல்லீங்க” என்ற பதில் யாருக்கு என்பதும் இதில்தான் தீர்மானமாகும்.

சப்ளையர் சிறு நிறுவனம் என்றால் சட்டமும் நடுவில் வருகிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு மற்றும் சிறு நிறுவனங்களுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கெடு வைக்க முடியாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் வட்டிக்கு வட்டியாக. எல்லாரும் வழக்குப் போடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரியில் ஒரு முடிச்சுப் போட்டது. அந்தக் கெடுவுக்குள் தராமல் வருடக் கடைசியில் பாக்கி நின்றால், அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது, பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். பெரிய மில்களுக்கு இது பொருந்தாது. நிட்டிங், டையிங், பிரிண்டிங், காம்பாக்டிங் என்று ஜாப் ஒர்க் செய்கிற சின்னப் பட்டறைகளுக்குப் பொருந்தும். ஆகவே மில்லை இழுப்பதும் டையிங்காரரை இழுப்பதும் ஒரே கணக்கு இல்லை.

ஓ.டி. லிமிட் முழுக்க ஓடிவிட்டவருக்கு என்ன வழி என்று கேட்பார்கள். அவருக்கு ஒப்பிட வேண்டிய வட்டி 11 இல்லை, அவருக்கு அடுத்ததாக எந்தப் பணம் எவ்வளவுக்குக் கிடைக்கிறதோ அது. நகைக் கடன் இருக்கலாம், ரெண்டு வட்டி வெளிக்கடன் இருக்கலாம். கேட்கக் கஷ்டமாக இருந்தாலும், மூணு வட்டிச் சி.டி.யைப் பிடிக்க ரெண்டு வட்டிக்கு 20 நாள் வாங்குவது எண்ணளவில் லாபம்தான். ஆனால் அந்த 20 நாள் 20 நாளாகவே முடிய வேண்டும். வெளிவட்டி அப்படி முடிந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை, முதலாளியின் அப்பாவும் பார்க்கவில்லை. அதைவிடத் தேவலை என்று நான் நினைப்பது, தன் சரக்கை வாங்குகிறவரிடம் போய்ச் சி.டி. தருவது. 60 நாளில் பணம் தருகிற வியாபாரியிடம், “10 நாளில் போட்டுவிட்டால் 2 சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள்” என்றால், அதற்கு நமக்கு ஆகிற செலவு 14.9 சதவீதம். அந்தப் பணத்தைக் கொண்டு மில்லில் 37 சதவீதச் சி.டி.யைப் பிடிக்கலாம். அதே சூத்திரம், நாற்காலி மட்டும் மாறியிருக்கிறது.

முதலாளி இப்போது நூல் மில்லுக்கு 10-ஆம் நாள் பணம் போட்டுவிடுகிறார். கணக்கு எழுதும் பெண் டேலியில் அந்தப் பார்ட்டியின் கெடுவை 30-லிருந்து 9-க்கு மாற்றிவிட்டார், ஒரு நாள் கைக்காவலாக. பெட்டிக்காரருக்கு 45 நாள். முதல் மாதம் அவர் நேரிலேயே வந்து, “என்னங்க, எதாச்சும் பிரச்சினையா?” என்று விசாரித்துவிட்டுப் போனார்.

போன மாதம் மில்காரர் புது ரேட் லிஸ்ட் அனுப்பியிருந்தார். நூல் ஏறிவிட்டதாம், சி.டி. இனி 7 நாளில் ஒன்றரை சதவீதம்தானாம், கெடு அதே 30. நான் போனபோது முதலாளி காலி நூல் கோன் ஒன்றை விரித்து, அதன் உட்பக்க அட்டையில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்றரையை 30-ஆல் பெருக்கி, 23-ஆல் வகுத்து, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

“ரெண்டு வட்டிக்குக் கொஞ்சம் கம்மி வருதுங்க” என்றார். “முன்ன மாதிரி இல்ல. ஆனாலும் பேங்க்குக்கு ரெண்டு மடங்கு. இதையும் எடுத்தர்லாம், ஏனுங்க?”